நான்காவது அடுக்கு

வேலையிடத்தில் அண்ணனுக்கு மீட்டர் என்று பெயர். பல்சக்கரங்களையும் தண்டுகளையும் பழுக்கச் சுட்டு எண்ணெயில் அமிழ்த்திக் கடினமாக்கும் பட்டறை அது. அங்கே இருக்கும் ஒரே பெரிய உலைக்கு அவன்தான் பொறுப்பு. புறங்கையை உலையின் வெளித்தகட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோவான், தொடமாட்டான், இரண்டு மூச்சு விடும் நேரம் அப்படியே வைத்திருப்பான். "எண்பத்தெட்டு" என்பான். வெப்பமானித் துப்பாக்கியை நீட்டிப் பார்த்தால் எண்பத்தாறோ தொண்ணூறோ காட்டும். முதல் வாரம் எல்லோரும் பந்தயம் கட்டினார்கள். அப்புறம் பந்தயம் கட்ட ஆள் கிடைக்கவில்லை.

இதெல்லாம் தங்கைக்குக் கேள்விப்பட்ட கதைதான். அவள் அந்தப் பட்டறைக்குள் போனதே ஒரு தடவை. அந்த ஒரு தடவையும் போகாமல் இருந்திருக்கலாமோ என்று அவளுக்கு இன்றைக்கும் தோன்றுகிறது.

அவளை வீட்டில் பாப்பா என்பார்கள். இருபத்து நான்கு வயதாகியும் பாப்பாதான். அந்தக் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். பட்டமளிப்பு உடையில் எடுத்த படத்தை அம்மா தையல் இயந்திரத்துக்கு நேர் மேலே மாட்டியிருந்தாள். தலையணை உறை தைத்துக்கொண்டே நிமிர்ந்தால் தெரிய வேண்டும் என்று. அண்ணன் அதைப் பார்த்து, "சாமி படத்துக்குக்கூட இந்த இடம் கிடைக்கல பாரும்மா" என்பான். கிண்டல்தான். ஆனால் வாரம் ஒரு தடவை அந்தக் கண்ணாடியைத் துடைப்பவனும் அவன்தான்.

அண்ணனும் படித்தவன்தான், பாலிடெக்னிக்கில், இரண்டரை வருடம். வெப்பப் பரிமாற்றம் என்ற ஒரே தாளில் இரண்டு தடவை தோற்றான். அதிலும் அடுக்குச் சுவர்க் கணக்கு அவனுக்கு எமன். சுவர் வழியாக எவ்வளவு வெப்பம் போகிறது என்பது வரை ஒழுங்காகப் போடுவான். அடுக்கும் அடுக்கும் சேரும் இடத்தில் வெப்பநிலை எவ்வளவு என்று கேட்டால், கழிக்க வேண்டிய இடத்தில் கூட்டி, கூட்டியதைத் திரும்பக் கழித்து, காற்றைவிடக் குளிர்ந்த சுவரில் வந்து நிற்பான். "சுவர் அங்கதானே இருக்கு, கிட்டப்போய்ப் பார்த்தா ஆச்சு. இதுக்கு எதுக்கு ஒரு பக்கம் எழுதணும்?" என்று சொல்லிவிட்டு அந்தப் பட்டறைக்கு வேலைக்குப் போய்விட்டான். அவன் படித்த அதே பழைய புத்தகத்தை வைத்துத்தான் அவள் அந்தப் பாடத்தில் வகுப்பிலேயே முதலாவதாக வந்தாள். அவனுக்கு முன்னால் இரண்டு பேர் கைமாறி வந்த புத்தகம். ஒவ்வொரு படத்தின் மேலும் மூன்று பேருடைய பென்சில் கிறுக்கல் இருக்கும்.

படித்து முடித்து அவளுக்குக் கிடைத்தது, வீட்டிலிருந்தே பார்க்கும் ஒரு வேலை. மாணவர்கள் கணக்கைப் படம் பிடித்து அனுப்புவார்கள். கணினித் திரையில் அது வந்து விழும். பன்னிரண்டு நிமிடத்துக்குள் விடை அனுப்ப வேண்டும். படத்தைப் போட்டதுமே, இதே கணக்கு ஏற்கெனவே தீர்க்கப்பட்டிருக்கிறதா என்று நிரலே தேடிச் சொல்லிவிடும். தொண்ணூற்றைந்து சதவீதத்துக்கு மேல் ஒத்துப்போனால் பழைய விடையை அப்படியே அனுப்பலாம். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சொல்லித்தந்ததில் அவள் மனதில் நன்றாகப் பதிந்தது ஒன்று உண்டு: அச்சில் இருப்பதை மட்டும் படிக்க வேண்டும். படத்தின் மேல் பிள்ளைகள் பென்சிலில் கிறுக்கியிருப்பது பெரும்பாலும் அவர்களுடைய தவறான முயற்சி. அதைப் பார்த்தால் நமக்கும் குழப்பம்தான். இரண்டு வருடத்தில் அவள் கண் பென்சிலைத் தானாகவே தாண்டிப்போகப் பழகியிருந்தது.

அன்றைக்குக் காலை பதினொரு மணி இருக்கும். வரிசையில் ஒன்பது கேள்விகள் நின்றன. அண்ணனிடமிருந்து அலைபேசிக்கு ஒரு படம் வந்தது. அந்தப் பழைய புத்தகத்தின் பக்கம். வெப்ப உலையின் சுவர், மூன்று அடுக்கு: உள்ளே ஃபயர் பிரிக் என்கிற நெருப்புச் செங்கல், அதை ஒட்டிக் காப்புப் பலகை, வெளியே எஃகுத் தகடு. ஒவ்வொரு இடைமுகத்திலும் வெப்பநிலை காண்க. கீழே அவன் எழுதியிருந்தான்: "பாப்பா, இடுக்கு டெம்பரேச்சர் எல்லாம் வேணும். கொஞ்சம் அவசரம்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் நெகிழ்வும் வந்தது. நின்றுபோன தாள்களை எழுதி முடிக்க இந்த வருடம் கடைசியாக ஒரு வாய்ப்புத் தருகிறார்கள் என்று இரண்டு மாதத்துக்கு முன்னால் அவள்தான் அவனிடம் சொன்னாள். "இனிமேலா? போ பாப்பா" என்று கையை உதறிவிட்டுப் போனான். ஆக, யாருக்கும் தெரியாமல் படிக்கிறான். எதற்கு என்று கேட்டால் வெட்கப்பட்டு நிறுத்திவிடுவான். கேட்கக் கூடாது.

கேட்கவில்லை. படத்தைத் தேடலில் போட்டாள். தொண்ணூற்றேழு சதவீதம். யாரோ எப்போதோ அழகாகத் தட்டச்சு செய்து, விடைகளுக்குக் கீழே கோடிட்டு வைத்திருந்த தீர்வு. கல்லுக்கும் பலகைக்கும் இடையே 690 டிகிரி. தகட்டில் 90. அப்படியே அவனுக்கு அனுப்பிவிட்டு வரிசையில் பத்தாவதாக நுழைந்துவிட்ட கேள்விக்குப் போனாள்.

ஐந்து நிமிடத்தில் கூப்பிட்டான். பின்னால் ஊதுவிசிறியின் இரைச்சல்.

"பாப்பா, தகடு தொண்ணூறா வருது?"

"ஆமா."

"இப்பவே எங்க ஃபர்னஸ்ல தகடு தொண்ணூறுதானே..."

"அப்ப பாரு, கணக்கு எவ்ளோ கரெக்ட்டா இருக்குன்னு. புத்தகத்துல இருக்கறது உன் ஃபர்னஸ்தான்னு வச்சுக்கோ."

"அது சரி" என்று இழுத்தான். "உள்ள அந்த அறுநூத்தித் தொண்ணூறு?"

"அதுவும் கரெக்ட்தான். அண்ணா, எனக்கு இங்க வரிசை ஏறிட்டே போகுது."

"பாத்துட்டுதானே சொல்ற?"

"பாத்துட்டுதான் சொல்றேன். இதுல ஃபெயில் ஆனது நீயா நானா?"

அவன் சிரித்தான். "அதுவும் சரிதான் இன்ஜினியரம்மா" என்று வைத்துவிட்டான்.

அந்தச் சிரிப்பைப் பிறகு பல நாள் அவள் மனதுக்குள் திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்த்திருக்கிறாள். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நல்ல சிரிப்பு. நிம்மதியடைந்தவனுடைய சிரிப்பு.

நடந்தது என்ன என்பது அவளுக்கு ஏழு வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

பட்டறையில் கோடைக்காலம் பெரும்பாடு. திங்கட்கிழமை காலையில் பற்றவைத்தால் சனிக்கிழமை மாலை வரை உலை அணையாது. பக்கத்தில் நிற்பவர்களுக்குச் சட்டை காய்ந்து மொடமொடத்துவிடும். எரிவாயுச் செலவும் ஏறிக்கொண்டிருந்தது. ஒருநாள் ஒரு விற்பனைக்காரர் செராமிக் கம்பளிச் சுருளோடு வந்தார். வெள்ளையாக, பஞ்சு மெத்தை போல, நாற்பது மில்லிமீட்டர் தடிமன். உலையின் வெளித்தகட்டைச் சுற்றி இதைப் போர்த்தி, மேலே மெல்லிய தகரம் அடித்துவிட்டால் சுவரில் கை வைத்துச் சாயலாம் என்றார். முதலாளிக்குப் பிடித்துவிட்டது. ஆனாலும் அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டார்: "ஃபர்னஸ் உன் பொறுப்புப்பா. நீ சொன்னா போடலாம், வேண்டாம்னா விட்டுடலாம். ஏதாவது ஆச்சுன்னா நான் உன்னைத்தான் கேப்பேன்."

அண்ணனுக்கு ஏனோ பிடிக்கவில்லை. அன்று மாலை வீட்டில் சாப்பிடும்போது அம்மாவிடம் சொல்லியிருக்கிறான்: "வெளிய கம்பளி போத்தச் சொல்றாங்கம்மா. சூடு வெளிய போறதுக்கு இருக்கற வழியை அடைச்சா, அது எங்க போகும்? உள்ள இருக்கற பலகைமேலதானே உக்காரும்? அந்தப் பலகை எழுநூத்தம்பதுக்கு மேல தாங்காது. பெட்டியிலயே போட்டிருக்கான்." அவள் அதே அறையில்தான் இருந்தாள். காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, யாரோ ஒரு மாணவனுக்கு விசையியல் கணக்கு விளக்கிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் அவன் பழைய புத்தகத்தை எடுத்து, தன் உலையைப் போலவே இருந்த கணக்கைத் தேடிப் பிடித்து, மூன்றாவது அடுக்குக்கு வெளியே நான்காவதாக ஒரு கட்டம் வரைந்தான். அதற்குள் நெளிநெளியாக மூன்று கோடு. பக்கத்தில் சின்ன எழுத்தில் 40, 0.08 என்று தடிமனும் கடத்துதிறனும். பென்சிலில். படம் எடுத்தான். ஜன்னல் வெளிச்சம் பக்கத்தின் அந்த ஓரத்தில் விழுந்து பளபளத்தது. தேநீர் இடைவேளையில் அனுப்பினான்.

திரும்பி வந்த தட்டச்சு விடையை முதலாளியிடம் காட்டி, அவருக்கும் அனுப்பிவைத்தான். "என் தங்கச்சி போட்டுக் குடுத்தது சார். இன்ஜினியர். அறுநூத்தித் தொண்ணூறுதான் வருதாம். பலகை தாங்கும்." தன் மனது சொன்னதை அவன் அந்த இடத்திலேயே விட்டுவிட்டான். படித்தவள் சொல்லிவிட்டாள், தனக்குத்தான் அந்தக் கணக்கு என்றைக்குமே வராதே.

கம்பளி போட்ட முதல் நாளே பெயிண்ட் கருகும் வாடை வந்தது. தகட்டின் பழைய பெயிண்ட், போகப்போகச் சரியாகும் என்று நினைத்தான். முதலாளி வெளித் தகரத்தில் ஒரு நொடி உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு எல்லோரையும் கூப்பிட்டு வைத்துப் பார்க்கச் சொன்னார். எரிவாயு எட்டில் ஒரு பங்கு குறைந்திருந்தது. அவனுடைய புறங்கைக்கு மட்டும் வேலை இல்லாமல் போயிற்று. தகடு இப்போது கம்பளிக்குப் பின்னால் இருந்தது, அது எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று யாராலும் பார்க்க முடியாது. மூன்றாவது வாரம் உலைக்கதவு சரியாக மூடவில்லை. சட்டம் வளைந்திருந்தது. இரும்பை அடித்து நிமிர்த்தினார்கள். ஏழாவது வாரம் புதன்கிழமை மதியம் இடப்பக்கச் சுவர் உள்ளே சரிந்தது. ஒரு தட்டு நிறைய பல்சக்கரங்கள்மேல் கற்கள் விழுந்தன. நல்லவேளையாகக் கதவு மூடியிருந்ததால் யாருக்கும் அடிபடவில்லை.

ஆறிய பிறகு பிரித்துப் பார்த்தார்கள். காப்புப் பலகை சுருங்கி, வெடித்து, கை பட்டால் மாவாக உதிர்ந்தது. பின்னால் தகடு வயிறு போலப் புடைத்திருந்தது.

அன்று மாலை அண்ணன் வந்து கைகால் கழுவிக்கொண்டு, தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். அம்மாவிடம்தான் சொன்னான். தங்கையைப் பார்த்துச் சொல்லவில்லை.

"ஃபர்னஸ்ல இருந்து எடுத்துட்டாங்கம்மா. நாளையிலிருந்து எண்ணெய்த் தொட்டி கழுவற வேலை."

"நீதான் அன்னைக்கே சொன்னியேடா, கம்பளி போத்தினா உள்ள சூடு ஏறும்னு" என்றாள் அம்மா.

அவள் கணினியிலிருந்து திரும்பினாள். "எந்தக் கம்பளி?"

அம்மா அண்ணனைப் பார்த்தாள். அந்தச் சின்ன இடைவெளியில் அவள் கை தானாகவே அலைபேசியை எடுத்து, ஏழு வாரத்துக்கு முந்தைய அந்தப் படத்தைத் திறந்தது. இரண்டு விரலால் பெரிதாக்கினாள். பளபளத்த ஓரத்தில் ஒரு கட்டம். நெளிநெளியாக மூன்று கோடு.

அதை அவள் அன்றைக்கு முதல்முறையாகப் பார்த்தாள் என்று சொன்னால் பொய்யாகிவிடும். படம் வந்த அன்றே அங்கே ஏதோ பென்சில் இருப்பது அவள் கண்ணில் பட்டது. பட்டது, தாண்டிப்போனது.

ஒரு தாளை எடுத்துப் போட்டாள். நேர்க் கணக்கு. ஒவ்வொரு அடுக்கும் வெப்பத்துக்கு ஒரு தடை. தடிமனைக் கடத்துதிறனால் வகுத்தால் அந்தத் தடை கிடைக்கும். கல் 230 மில்லிமீட்டர், கடத்துதிறன் 1.15; தடை 0.2. பலகை 75 மில்லிமீட்டர், 0.15; தடை 0.5. தகடு எஃகு, அதன் தடையைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். மேற்பரப்பிலிருந்து காற்றுக்குப் போக 0.05. மொத்தம் 0.75. உள்முகம் 930 டிகிரி, வெளிக்காற்று 30, இடையில் இறங்க வேண்டியது 900. அதை 0.75-ஆல் வகுத்தால், ஒரு சதுர மீட்டர் சுவர் வழியாக 1200 வாட் போகிறது. அந்த 1200-ஐ ஒவ்வொரு தடையாலும் பெருக்கினால் அந்தந்த அடுக்கில் இறங்கும் டிகிரி. கல்லில் 240 இறங்கி 690. பலகையில் 600 இறங்கி 90. அதுவரை புத்தகம்.

இப்போது கம்பளி. 40 மில்லிமீட்டர், 0.08, தடை 0.5. மொத்தம் 1.25. போகும் வெப்பம் 720 வாட்தான். முதலாளிக்குச் சந்தோஷம் தந்தது அதுதான். ஆனால் இறங்க வேண்டிய 900 டிகிரி மாறவில்லை. அதே 900-ஐப் பங்கு போட இன்னொருவன் வந்துவிட்டான். 360-ஐக் கம்பளியே எடுத்துக்கொண்டது. மற்றவர்களுக்கு மிஞ்சியது குறைவு. கல்லில் 144 மட்டுமே இறங்கியது. 786. எழுநூற்றைம்பதுக்கு மேல் தாங்காத பலகையின் முகத்தில் 786. தொண்ணூறில் இருந்த தகடு 426. கம்பளிக்கு வெளியே 66. எல்லோரும் கை வைத்துப் பார்த்து மகிழ்ந்த இடம்.

நான்கே நிமிடத்தில் முடிந்துவிட்டது. அவளுக்கு அன்று கிடைத்தது பன்னிரண்டு.

தாளை அண்ணனிடம் நீட்டினாள். அவன் வாங்கி, உதட்டை அசைத்து மெதுவாகப் படித்தான். 786-இல் விரலை வைத்தான். "ஓ" என்றான். "அப்ப ஏறத்தான் செய்யுது."

"நான் பார்க்கலண்ணா. பாத்துட்டேன்னு சொன்னேன், ஆனா பார்க்கல."

"விடு பாப்பா. பென்சில்ல போட்டது என் தப்பு."

"உன் தப்பு ஒண்ணும் இல்ல."

"சரி, உன் தப்பு. இப்ப சாப்பிடலாமா?"

அவனால் அப்படிப் பேச முடியும். அவளால் சாப்பிட முடியவில்லை. அவனிடம் சொல்லாமல், மறுநாள் மதியம் தான் போட்ட தாளையும் படத்தின் நகலையும் எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனாள்.

முதலாளியின் அறை ஒரு கண்ணாடித் தடுப்பு. அதன் வழியாகப் பட்டறை முழுவதும் தெரியும்: குடலை எடுத்தது போல நிற்கும் உலை, தரையில் அடுக்கிய கற்கள், ஓரத்தில் பெரிய எண்ணெய்த் தொட்டி. தொட்டிக்குள் முழங்கால் வரை நின்று, அடியில் படிந்த கசடை வழித்துக்கொண்டிருந்தான் அண்ணன். அவளைப் பார்த்ததும் மண்வெட்டியை நிறுத்தினான்.

முதலாளி எழுந்து நின்றார். "வாங்க மேடம். உட்காருங்க. உங்க அண்ணன் உங்களைப் பத்திப் பேசாத நாளே இல்ல."

அவர் நல்ல மனிதராக இருந்ததுதான் அவளுக்குக் கஷ்டமாகிவிட்டது. கத்துகிறவராக இருந்தால் அவளும் கத்தியிருப்பாள். தாள்களை விரித்து, நடந்ததை வரிசையாகச் சொன்னாள். நான்காவது அடுக்கைச் சேர்க்காத விடையை அனுப்பியது தான் என்றாள். அண்ணனுக்கு முதலிலேயே சந்தேகம் இருந்தது, அது சரியான சந்தேகம், தான்தான் அதை அமுக்கிவிட்டேன் என்றாள்.

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு தன் அலைபேசியில் அந்தத் தட்டச்சு விடையைத் தேடி எடுத்தார்.

"இதுதானே நீங்க அனுப்பினது? நானே படிச்சுப் பாத்தேன் மேடம். படிப்படியா, கீழ கோடு போட்டு, எவ்ளோ சுத்தமா இருக்கு. இதுல எங்க தப்பு?"

"அதுல தப்பு இல்ல சார். அது வேற கணக்கோட விடை."

"அதைத்தானே நானும் சொல்றேன். அவன் வேற கணக்கை அனுப்பி வச்சிருக்கான்."

அவள் படத்தை முன்னால் தள்ளினாள். "இல்ல சார், இங்க பாருங்க. கம்பளியை வரைஞ்சிருக்கான்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "எங்க?"

அலைபேசியில் பெரிதாக்கிக் காட்டினாள்.

"இதுவா? இவ்ளோ பெருசாக்கினாத்தான் எனக்கே தெரியுது. இதை எப்படி உங்களைக் குத்தம் சொல்றது?"

"எனக்குத் தெரிஞ்சுது சார். அங்க பென்சில் இருந்தது தெரியும். நான்தான் விட்டுட்டேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். முகத்தில் ஒரு கனிவு வந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் முடிந்துவிட்டது என்று புரிந்தது.

"மேடம், எனக்கும் தங்கச்சி இருக்கா. அவளா இருந்தாலும் இதே மாதிரிதான் வந்து நின்னிருப்பா. அண்ணனைக் காப்பாத்தணும்னு வந்திருக்கீங்க, ரொம்ப சந்தோஷம். அவனை நான் வேலையை விட்டு அனுப்பல, பாருங்க. ஆனா ஒரு கணக்கை ஒழுங்கா எழுதி அனுப்பத் தெரியாதவனை ஃபர்னஸ்ல எப்படி நிறுத்தறது?"

கதவருகே எண்ணெய் வாடை வந்தது. அண்ணன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றிருந்தான்.

"இவன்கிட்டயே கேளுங்க" என்றார் முதலாளி. "ஏம்ப்பா, யார் தப்பு?"

"என் தப்புதான் சார். பேனாவுல போட்டிருக்கணும்."

"அண்ணா!"

"நீ கிளம்பு பாப்பா. வெயில் ஏறுது."

வாசல்வரை கூட வந்தான். கேட்டுக்கு வெளியே வந்ததும் அவள் வெடித்தாள். "ஏன் அப்படிச் சொன்ன? நான் அங்க உக்காந்து உண்மையைச் சொல்லிட்டிருக்கேன்..."

"சொல்லி?"

"உனக்கு ஃபர்னஸ் திரும்பக் கிடைக்கும்."

"கிடைக்காது பாப்பா. நீயும் தப்பா போடுவன்னு அவர் நம்பிட்டார்னு வை, அப்புறம் என்னையும் நம்பமாட்டார், உன்னையும் நம்பமாட்டார். இப்ப ஒருத்தரையாவது நம்பறார்." துணியை மடித்துத் தோளில் போட்டான். "நம்ம வீட்ல ஒண்ணே ஒண்ணுதான் சரியா வந்திருக்கு. அதை ஏன் நீயே போய் உடைக்கற?"

அவன் சொன்னதில் எதை மறுப்பது என்றே தெரியவில்லை. பேருந்து வந்தது, ஏறிக்கொண்டாள்.

புதுச் சுவருக்கு மூன்று வாரம் ஆயிற்று. கம்பளி வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார்கள். பழைய மாதிரியே கல், பலகை, தகடு. பலகை மட்டும் தொள்ளாயிரம் தாங்கும் ரகம். வெளியிலிருந்து கொத்தனார் வந்தார். அண்ணன் தொட்டியைக் கழுவி முடித்துவிட்டு, பாகங்களைக் கம்பியில் கோத்துத் தட்டில் அடுக்கும் வேலைக்குப் போயிருந்தான். சம்பளம் குறையவில்லை. முன்பு பந்தயம் கட்டியவர்கள் மீட்டர் என்று கூப்பிடுவதை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள். யாரும் வேண்டுமென்று நிறுத்தவில்லை. பெயருக்கு வேலை இல்லாமல் போய்விட்டது.

அவள் இப்போது பன்னிரண்டு நிமிடத்துக்குள் முடிப்பதில்லை. ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கி ஓரம் ஓரமாகப் பார்க்கிறாள். பென்சில் கிறுக்கல் எல்லாவற்றையும் படிக்கிறாள். பெரும்பாலும் அவை தவறான முயற்சிகள்தான். சொல்லித்தந்தவர்கள் பொய் சொல்லவில்லை. அவளுடைய மதிப்பீட்டு நட்சத்திரங்களில் ஒன்று குறைந்துவிட்டது. இது பொறுப்பா, இல்லை தனக்குத் தானே கொடுத்துக்கொள்ளும் தண்டனையா என்று சில சமயம் யோசிப்பாள். இரண்டுக்கும் நடுவே எங்கே கோடு என்று அவளுக்குப் புலப்படவில்லை.

உலையைத் திரும்பப் பற்றவைக்க இரண்டு நாள் இருக்கும்போது அண்ணன் அலைபேசியிலிருந்து ஒரு படம் வந்தது. கொத்தனார் வரைந்த புதுச் சுவரின் குறுக்குவெட்டு. கறுப்புப் பேனாவில், தடிமனாக, அளவுகளோடு. கீழே எதுவும் எழுதவில்லை.

அவளே கூப்பிட்டாள்.

"இது என்னண்ணா?"

"முதலாளி அனுப்பச் சொன்னார். மேடத்துக்கிட்ட காட்டி, இடுக்கு டெம்பரேச்சர் எல்லாம் வாங்கிட்டு வரச் சொன்னார்."

அவள் படத்தைப் பெரிதாக்கினாள். நான்கு மூலையும் பார்த்தாள். பலகை இப்போது 100 மில்லிமீட்டர், பழையதைவிடக் கொஞ்சம் தடிமன். உள்ளே வெப்பம் சற்று ஏறத்தான் செய்யும், ஆனால் இந்த ரகம் தாங்கும் என்று பார்த்தவுடனேயே தெரிந்தது. அவனுக்கும் தெரிந்திருக்கும். தெரியாமல் இருக்காது.

"நீ என்ன நினைக்கற?" என்று கேட்டாள்.

"எதை?"

"சுவரை. பலகை தடிமன் ஆயிருக்கே. உள்ள ஏறுமா, இறங்குமா? நீ சொல்லு, அப்புறம் நான் போட்டுப் பாக்கறேன்."

அந்தப் பக்கம் யாரோ கம்பியை உதறும் சத்தம். இரும்புத் துண்டுகள் தட்டில் ஒவ்வொன்றாக விழுந்தன.

"எனக்கு என்ன பாப்பா தெரியும்?" என்றான் அண்ணன். கோபமே இல்லாத குரல். "நீ பாத்து சொல்லு. நான் அப்படியே போய் அவர்கிட்ட சொல்லிடறேன்."

"அண்ணா, சும்மா ஒரு வார்த்தை. ஏறுமா, இறங்குமா?"

"தட்டு நிறைஞ்சிடுச்சு, கூப்பிடறாங்க. மெசேஜ்ல போட்டுவிடு."

அவள் தாளை எடுத்தாள். இரண்டு தடவை போட்டாள். இரண்டு தடவையும் ஒரே எண்தான் வந்தது: எழுநூற்று முப்பது. அதை அனுப்பினாள். அனுப்பியதும் படித்துவிட்டான் என்று காட்டியது. "சரி" என்று ஒரு சொல் வந்தது. அதற்குமேல் எதுவும் வரவில்லை. அவள் வெகுநேரம் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுநூற்று முப்பதா என்று அவன் ஒரு தடவை சந்தேகமாகக் கேட்டால் போதும் என்று இருந்தது.